படத்தில் கருப்பாக இருந்தால் மக்கிவிட்டது என்று அர்த்தமில்லை

போன ஐப்பசியில் கும்பகோணம் பக்கத்திலிருந்து மாமா ஒரு படம் அனுப்பினார். கொல்லையில் ஆவணிக் கடைசியில் போட்ட உரக்குவியல், நாலடிக்கு நாலடி, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே உயரம். கூடவே ஒரு வரி: "கருகருன்னு ஆயிடுச்சு மாப்ளே, கத்திரிக்குப் போட்டுடலாமா?"

படத்தைப் பார்த்தால் யாருக்கும் சரி என்றுதான் சொல்லத் தோன்றும். மேற்பரப்பு நல்ல கருப்பு, இலை எதுவும் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கருப்பு ஒரு மாதிரி எண்ணெய் தடவியது போல மின்னியது, ஓரத்தில் மண் ஈரமாகக் கறுத்திருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னும் மூன்று படம் கேட்டேன். முதல் படத்தோடு சேர்த்து அந்த நாலு படத்தில் என்ன பார்த்தேன் என்பதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன், ஏனென்றால் அவருடைய ஒரே குவியலில் ஈரம் அதிகமான இடம், காற்று போகாத இடம், ஓரளவு மக்கிய இடம் மூன்றுமே இருந்தன.

முதலில் படம் எடுக்கும் முறை

மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குவியலின் மேல்தோல் வெயிலுக்கும் மழைக்கும் கோழிக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே நடப்பது வேறு. அதனால் மண்வெட்டியால் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை, கேக் வெட்டுவது போல, ஒரு முழம் உள்ளே போகும்படி வெட்டிவிட்டு அந்த வெட்டுமுகத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மொத்தச் செய்தியும் அந்த முகத்தில்தான் இருக்கிறது.

ஃபிளாஷ் கூடாது. ஃபிளாஷ் அடித்தால் லேசான ஈரம் உள்ள சருகுகூட பளபளவென்று மின்னி, தண்ணீர் தேங்கியது போலத் தெரியும். நேர் வெயிலும் வேண்டாம், நிழலில், காலை ஒன்பது பத்து மணி வெளிச்சம் போதும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை வெட்டுமுகத்துக்குப் பக்கத்தில் செருகி வைக்கச் சொல்லுங்கள். இது என்னத்துக்கு என்று மாமாவே கேட்டார். காட்சி முழுக்கக் கருப்பாக இருந்தால் போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கருப்பு பழுப்பாகிவிடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் அழுகலும் அழகான காபி நிறத்தில் தெரியும். வெள்ளைத் தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால்தான் பக்கத்தில் இருக்கும் நிறத்தை நம்பலாம்.

மூன்றாவது படம் கைப்பிடிப் படம். வெட்டுமுகத்தின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, முடிந்த அளவு இறுக்கிப் பிழிந்து, கையைத் திறந்து அப்படியே எடுப்பது. நாலாவது, குவியலின் அடி ஓரம், தரையோடு சேரும் இடம்.

அறிகுறி: மினுமினுப்பு, அடியில் கறுப்புத் தண்ணீர்

இது ஈரம் அதிகம். மாமாவின் நாலாவது படத்தில் அடி ஓரத்தைச் சுற்றி டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் ஊறி நின்றது, அதில் சின்னக் கொசுக்கள். மழைக்காலத்தில் மேலே எதுவும் மூடாமல் திறந்து கிடந்த குவியல், வேறென்ன ஆகும்.

ஆனால் மினுமினுப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், முந்தைய இரவு மழை பெய்திருந்தாலும் மேல்புறம் மின்னும். கைப்பிடிப் படம்தான் தீர்ப்பு. பிழிந்த உருண்டை விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, கையைத் திறந்ததும் உருண்டையாகவே நின்று, விரலால் தட்டினால் உடைந்தால் ஈரம் அளவாக இருக்கிறது. எடையில் பாதியிலிருந்து அறுபது சதவிகிதம் வரை தண்ணீர் இருப்பது என்பார்களே, அது கையில் இப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில் தண்ணீர் கோடாக ஓடி மணிக்கட்டு வரை இறங்கியிருந்தால் அதிகம். உருண்டையே பிடிக்காமல் பொலபொலவென்று கொட்டிவிட்டால் காய்ந்துவிட்டது. மாமா அனுப்பிய படத்தில் உள்ளங்கை முழுக்கப் பழுப்புத் தண்ணீர், கையை நீட்டிப் பிடித்திருந்ததில் முழங்கை வரை ஒரு கோடு.

ஈரம் அதிகமானால் ஏன் கெடுகிறது என்றால், தண்ணீரில் குவியல் நனைவதால் அல்ல, துகள்களுக்கு நடுவில் இருக்கிற காற்றுச் சந்துகளை அது அடைத்துவிடுவதால். ஆக்சிஜன் காற்றில் பரவுகிற வேகத்தோடு பார்த்தால் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதாவது அடைபட்ட சந்தில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சே கிடையாது. அதனால்தான் ஈரக்கோளாறும் காற்றுக்கோளாறும் கடைசியில் ஒரே மாதிரி நாறும். ஆனால் வைத்தியம் வேறு, அதனால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அறிகுறி: வெட்டுமுகத்தில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது

இது ஈரமே இல்லாமலும் வரும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. மாமாவின் வெட்டுமுகத்தில், மேலிருந்து ஒரு சாணுக்குக் கீழே, நாலு விரல் கனத்துக்கு ஒரு பட்டை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மா இலைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மழையில் நனைந்து காய்ந்த பழைய நோட்டுப் புத்தகம் போல ஒட்டிக் கிடந்தன. ஒரு கட்டை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் பிரித்துக் காட்டச் சொன்னேன். பிரித்த படத்தில் வெளி இலைகளில் கருப்புப் பசை, நடு இலைகள் பழுப்பாக, நரம்பு நரம்பாக, விழுந்த அன்று இருந்தது போலவே காய்ந்து கிடந்தன. இரண்டு மாதமாக மழையில் நின்ற குவியலின் நடுவே காய்ந்த இலை! மா இலையின் தோல் மெழுகு போல, தண்ணீரை உள்ளே விடாது, கீழேயும் சரியாக விடாது, ஓடு போட்டது போல வழித்துப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

அந்தப் பட்டைக்குக் கீழே இருந்த பகுதிதான் அசல் கோளாறு. அங்கே அறுத்த பச்சைப் புல்லும் சமையலறைக் கழிவும் வாழைத்தண்டும் மொத்தமாகக் கொட்டப்பட்டு, மேலே இருக்கும் பாரத்தில் அமுங்கி, சந்தே இல்லாமல் ஒரே பாளமாக இருந்தது. நிறம் பழுப்பு இல்லை, பச்சை கலந்த கருப்பு. மண்வெட்டி வெட்டிய இடம் வெண்ணெயை வெட்டியது போல வழவழவென்று கோடாக நின்றது. நல்ல குவியலில் வெட்டுமுகம் நேர்க்கோடாக நிற்காது, உதிரும், குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், நிழல் விழுந்த சின்னச் சின்னக் குழிகள் தெரியும். படத்தில் அந்தக் குழி நிழல்களைத் தேடுங்கள். அவை இருந்தால் காற்று இருக்கிறது. வெட்டுமுகம் பூசிய சுவர் மாதிரி இருந்தால் இல்லை.

கருப்பைப் பற்றி இன்னொரு விஷயம். மண்ணும் சாணமும் கலந்த குவியலில் காற்று இல்லாத இடம் கறுப்பதற்கு இரும்பும் கந்தகமும் சேர்ந்த கூட்டுப்பொருள் ஒரு காரணம். காற்றுப் பட்டதும் அது மாறிவிடும். அதனால் வெட்டியவுடன் ஒரு படம், இரண்டு மணி நேரம் நிழலில் விட்டு அதே இடத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்வேன். இன்னும் ஈரமாகவே இருக்கும் கட்டிகூட கருப்பிலிருந்து பழுப்புக்கு நகர்ந்திருந்தால் அது மக்கிய கருப்பு இல்லை, மூச்சு முட்டிய கருப்பு. மக்கிய உரம் காய்ந்தால் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான், ஈரமாக இருக்கும்வரை நிறம் மாறாது.

வாடையைப் படம் எடுக்க முடியாது, அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். அழுகிய முட்டையா, புளித்த மாவா, மூக்கில் ஏறும் அமோனியாவா, மழை பெய்த மண்ணா? முதல் இரண்டும் காற்றில்லை. மூன்றாவது, பச்சையும் சாணமும் அதிகம், சருகு பத்தவில்லை. அதற்குக் காற்று மட்டும் விட்டால் போதாது, சருகும் சேர்க்க வேண்டும். மாமாவிடம் கேட்டதற்கு, "வெட்டுனப்ப அத்தை கிச்சன் ஜன்னலைச் சாத்திட்டா" என்று பதில். முட்டைதான்.

அறிகுறி: வெள்ளைப் பூச்சு

இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, நாலைந்து விரல் ஆழத்தில், சாம்பல் தூவியது போலவோ சிலந்தி வலை போலவோ வெளுப்பாகப் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஆக்டினோமைசீட்ஸ் என்கிற வகைப் பாக்டீரியா. காற்றும் சூடும் உள்ள இடத்தில்தான் அது படரும், அதாவது நல்ல செய்தி. மழை பெய்த மண் வாடைக்கும் அதன் கூட்டம்தான் காரணம். மாமாவின் குவியலில் மா இலைப் பட்டைக்கு மேலே இருந்த ஒரு சாண் பகுதியில் இது தெரிந்தது, அந்த மேல் ஒரு சாண் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

ஆனால் சாம்பல் பட்டை கனமாகி, தொட்டால் தூசியாகப் பறந்தால் உள்ளே காய்கிறது என்று அர்த்தம், தண்ணீர் தெளிக்க வேண்டும். கிளறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசியைச் சுவாசிப்பது நல்லதல்ல. பஞ்சு மாதிரி உப்பிய பூஞ்சை மேலே கிடக்கும் சோற்றிலோ ரொட்டியிலோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள், குவியலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

நெல்லு உமி நிறத்தில் கொழுத்த புழுக்கள் மொய்ப்பதும் அப்படித்தான். கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள் அவை, கெடுதல் செய்யாது. தின்ன இன்னும் பச்சைக் கழிவு இருக்கிறது, ஈரமும் தூக்கலாக இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அது தெரிகிற குவியல் எப்படியும் தயாராக இல்லை.

மாமா குவியலுக்குச் செய்தது

ஈரம் மட்டும்தான் கோளாறு என்றால் மேலே மூடி, காய்ந்த பொருள் சேர்த்தால் போதும். காற்று மட்டும்தான் என்றால் கிளறினால் போதும். இங்கே இரண்டும் இருந்ததால் மொத்தத்தையும் பிரித்துப் போடச் சொன்னேன், வேறு வழி இல்லை. மழை விட்ட ஒரு நாளில் ஆள் வைத்துக் கொத்தி, பக்கத்தில் தார்ப்பாயில் பரப்பினார்கள். கருப்புப் பாளங்களை மண்வெட்டியின் பின்புறத்தால் உடைத்து, மா இலைக் கட்டுகளைக் கையால் உதிர்த்து. அரை நாள் காற்றாட விட்டால் போதும், சுக்காகக் காய வைக்கக் கூடாது.

சேர்க்க வேண்டியது எது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஈரம் அதிகம் என்றதும் கடையிலிருந்து தென்னை நார்க்கழிவு வாங்கிக் கொட்டுவார்கள். அது தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் தூள் மாதிரிதானே, பாரம் விழுந்தால் அதுவும் அமுங்கிவிடும், சந்து கொடுக்காது. சந்து கொடுக்க முரட்டுப் பொருள் வேண்டும்: கடலைத்தோல், விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல், சுள்ளி, வெட்டிய தென்னை மட்டை. மாமா வீட்டில் வைக்கோலும் கடலைத்தோலும் இருந்தன. பழைய குவியலில் இரண்டு கூடைக்கு இது ஒரு கூடை என்ற கணக்கில் கலந்தார்கள். இந்தக் கணக்கு வேதவாக்கில்லை, கலந்தபின் மறுபடி ஒரு கைப்பிடி பிழிந்து பார்த்து, தண்ணீர் ஓடினால் இன்னும் அரைக்கூடை.

அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வேலிக்கிளைகளையும் மட்டையையும் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் தளர்வாகக் குவித்து, யாரும் ஏறி மிதிக்காமல், மேலே தென்னங்கீற்றைச் சாய்வாக வேய்ந்தார்கள். பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி மூடுவதைவிடக் கீற்று நல்லது, மழை வழிந்துவிடும், காற்றும் போகும்.

சரி, வைத்தியம் பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி வைக்கச் சொன்னேன். காற்று கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் நடு சூடேற வேண்டும். மூன்றாம் நாள் காலை கம்பியை உருவிப் பிடிக்க முடியவில்லை என்றார், கூட ஒரு படம், கொத்திய இடத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பிடிக்க முடியாத சூடு என்றால் 55 டிகிரியைத் தொட்டிருக்கலாம். சூடேறவே இல்லையென்றால் ஒன்று ஈரம் இன்னும் குறையவில்லை, அல்லது குவியல் சின்னது. மூன்றடிக்குக் குறைந்த குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது.

பத்து நாள் கழித்து ஒரு தரம், அப்புறம் கார்த்திகையில் இன்னும் இரண்டு தரம் கிளறினார்கள். ஒவ்வொரு தரமும் வெளியே இருந்தது உள்ளே போகும்படி.

அறிகுறி: காபித்தூள் மாதிரி இருக்கிறது, இப்போதாவது போடலாமா?

மார்கழி கடைசியில் மாமா அனுப்பிய படம் நிஜமாகவே அழகாக இருந்தது. வெள்ளைத் தாள் வெள்ளையாக, பக்கத்தில் அடர்ந்த பழுப்பு, மினுமினுப்பு இல்லை, துகள்கள் தனித்தனியாக, வெட்டுமுகம் நிற்காமல் சரிந்திருந்தது. மா இலையில் நரம்பு மட்டும் அங்கங்கே. முட்டை ஓடும் மாங்கொட்டையும் அப்படியே, அவை கடைசி வரை இருக்கும், அதை வைத்து மக்கவில்லை என்று சொல்ல முடியாது. குவியல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மாடியில் ட்ரம்மில் உரம் போடுகிறவர்கள் நார்க்கழிவைத் தூவித் தூவிப் போட்டிருந்தால் மூன்றாவது வாரத்திலேயே படம் இப்படித்தான் வரும். அது நார்க்கழிவின் நிறம், உரத்தின் நிறம் இல்லை. உள்ளே கத்தரிக்காய்க் காம்பு பச்சையாகக் கிடக்கும். ஏழெட்டு இடத்தில் கையை விட்டுக் கிளறி, அந்தப் படத்தை அனுப்பச் சொல்ல வேண்டும்.

எப்படியிருந்தாலும் தயார் என்று படத்தை வைத்து மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஈரம் அதிகம், காற்றில்லை என்பதைப் படத்தில் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தயாராக இல்லை என்பதையும் சொல்லலாம். தயார் என்பதை மட்டும் முடியாது, ஏனென்றால் பார்வைக்கு மக்கியது உள்ளே இன்னும் வெந்துகொண்டிருக்கலாம். அதைச் செடிக்குப் போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும், நாற்று வேர் கருகும். அதனால் இரண்டு சின்னச் சோதனை.

ஒன்று, பிழிந்தால் உருண்டை பிடிக்கும் அளவு ஈரத்தில் இரண்டு கைப்பிடியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, மூன்று நாள் நிழலில் வைப்பது. கவர் உப்பினால், திறந்ததும் புளிப்போ முட்டையோ அடித்தால், இன்னும் வேலை நடக்கிறது. இதைப் படத்திலும் பார்க்கலாம், உப்பிய கவர் தலையணை மாதிரி தெரியும். மாமா கவர் தட்டையாக இருந்தது, மண் வாடை என்றார்.

இரண்டாவது விதை. ஒரு தட்டில் தோட்டத்து மண் மட்டும், இன்னொன்றில் பாதி மண் பாதி உரம். இரண்டிலும் 20 முள்ளங்கி விதை, ஒரே அளவு தண்ணீர், ஒரே இடம். ஐந்தாறு நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஒரு படம். உரத்தட்டில் முளை கணிசமாகக் குறைந்தால், அல்லது முளைத்தும் குட்டையாக, வேர் நுனி பழுப்பாக இருந்தால், இன்னும் மூன்று வாரம் குவித்து வைக்க வேண்டும். மாமா தட்டில் மண்ணில் 18, உரத்தில் 17. ஒன்று குறைந்ததற்கு அவர் வருத்தப்பட்டார், அது ஒன்றுமே இல்லை.

தையில் கத்திரி நாற்று நடும்போது குழிக்கு இரண்டு கைப்பிடி போட்டார்கள். சல்லடையில் தங்கிய மட்டைத்துண்டு, மாங்கொட்டை, சிதையாத சுள்ளி எல்லாம் ஒன்றரைக் கூடை இருந்தது. அதைத் தூக்கி எறிய வேண்டாம், அடுத்த குவியலுக்கு அடியில் பரப்புங்கள் என்று சொன்னேன். பரப்பிவிட்டு மேலே மறுபடியும் மா இலையைக் கொட்டியிருக்கிறார், இந்தத் தடவை நறுக்கி.